போனவர்கள் திரும்பாத வீதி

எண்ணத் தெரிந்தவனே உலகை ஆள்வான். படையெடுத்தவன் தலையை எண்ணித்தான் எடுத்தான். கோயில் கட்டியவன் கல்லை எண்ணித்தான் கட்டினான். எண்ணாமல் இறங்கியவன் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. இந்த மாபெரும் உண்மையை அருள்செல்வன், தாராபுரம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு வீதியில், சுப்பையன் டிபன் கடையின் கால் வளைந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைப் பையில் தக்காளிச் சட்னி சொட்டியிருந்த நிலையில் அறிவித்தார். கேட்க ஆள் சுப்பையன் ஒருவர்தான் இருந்தார். அவரும் பூரியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"சாமி, ஜபம் முடிஞ்சிருச்சாண்ணே? இன்னும் ரெண்டு இட்லி வைக்கவா?"

ஜபம் இல்லை. அருள்செல்வனின் வலது உள்ளங்கையில் இருந்தது, கட்டைவிரலால் அழுத்தினால் ஒவ்வொன்றாக எண் ஏறும் ஒரு சின்னக் கருவி. நெற்றி நிறைய விபூதியும் முணுமுணுக்கும் உதடும் சேர்ந்ததால், வீதியில் போகிற பெண்கள் அவரை முருக பக்தர் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். அருள்செல்வன் அவர்களையும் சேர்த்து எண்ணினார். கன்னத்தில் போட்டுக்கொண்டாலும் தலை ஒன்று ஒன்றுதானே.

அவர் ஒரு பனியன் கம்பெனியில் பல வருடம் டைம் ஸ்டடி பார்த்தவர். டெய்லர் பின்னால் ஸ்டாப்வாட்ச்சோடு நின்று, ஒரு கை தைக்க எத்தனை நொடி, ஒரு காலர் வைக்க எத்தனை நொடி என்று குறித்து, அதை ஷிப்ட்டால் பெருக்கி, "இத்தனை பீஸ் வரணும்" என்று சொல்லிவிட்டு ஏ.சி. ரூமுக்குப் போய்விடுவார். ஆர்டர் குறைந்தபோது கம்பெனி தைப்பவர்களை வைத்துக்கொண்டு, எண்ணுபவரை அனுப்பிவிட்டது.

அவர் மனைவி ஜெயபாரதி அதற்கு முன்பிருந்தே வீட்டிலிருந்து நைட்டி விற்றுக்கொண்டிருந்தாள். செல்போனில் படம் அனுப்புவாள்; ஸ்கூட்டரில் மூட்டை கட்டி அவிநாசிபாளையத்தைச் சுற்றி வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வருவாள். வியாபாரம் வீட்டுக்குள் அடங்காமல் போனது. கட்டில், பீரோ மேல், பூஜை அலமாரிக்குக் கீழ் எல்லாம் நைட்டி. ஒரு கடை வேண்டும் என்று அவள்தான் சொன்னாள். இடத்தை மட்டும் தான் பார்த்துத் தருவதாக அருள்செல்வன் சொன்னார். அவருக்கு வந்த பி.எஃப். பணமும், அவள் கழுத்தில் கிடந்த அவள் அம்மா போட்ட செயினும்தான் அட்வான்ஸ். வருகிற வெள்ளிக்கிழமை, வளர்பிறையில், பதினோரு மாத அக்ரிமென்ட்டில் கையெழுத்து. இடம் சரியில்லை என்றால் செயின் திரும்பாது. நைட்டியும் பீரோ மேலேயே கிடக்கும்.

இடம் சுப்பையன் கடைக்கு நேர் எதிரே. பச்சை ஷட்டர். மேலே பழைய போர்டின் பெயிண்ட் உரிந்த இடத்தில் அதற்கு முந்தைய போர்டும், அது உரிந்த இடத்தில் அதற்கும் முந்தையதும் எட்டிப் பார்த்தன. உற்றுப் பார்த்தால் நான்கு கடைகள் ஒன்றின் தோள் மேல் ஒன்று ஏறி நிற்பது போல இருக்கும்.

"நாலு பேரு வந்து போயிட்டாங்களாமே?" என்று கட்டிட முதலாளி திருமூர்த்தியிடம் அருள்செல்வன் கேட்டார்.

திருமூர்த்தி பஞ்சு புரோக்கராக இருந்து ஓய்ந்தவர். வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, வெண்ணெயை வழிப்பது போலப் பேசுவார். "வந்தாங்க, போனாங்கோ. அவுங்களுக்கு எண்ணத் தெரீலீங்க. நீங்க வந்து உக்காந்து எண்றதப் பாக்கையிலயே எனக்கு மனசு குளுந்து போச்சுங்க தம்பி. நல்லா எண்ணுங்க. எத்தன நாளு வேணாலும் எண்ணுங்க. வெள்ளிக்கெழமைக்குள்ள எண்ணிருங்க."

எண்ணிக்கை பிரமாதமாக இருந்தது. காலை ஏழரைக்கு மேல், டவுன் பக்கம் போகிற பஸ் ஒவ்வொன்றும் வீதி முனையில் நின்று ஒரு கூட்டத்தைக் கொட்டும். கூட்டம் டிபன் பாக்ஸை அணைத்துக்கொண்டு, பஞ்ச் அடிக்க நேரமாகிவிட்ட நடையில் உள்ளே கம்பெனிகளை நோக்கிப் போகும். முக்கால்வாசிப் பேர் பெண்கள். ஒரு மணி நேரத்துக்கு எண்ணூறுக்குக் குறையவில்லை. கட்டைவிரல் வலித்தது. அருள்செல்வன் தொழில் பழக்கப்படி அதைக் கடை திறந்திருக்கும் மணிகளால் பெருக்கினார். வந்த எண்ணைப் பார்த்து அவருக்கே ஒரு மரியாதை வந்தது. நூறில் ஒருத்தி நின்று பார்த்தால் போதும், நின்றவர்களில் பத்தில் ஒருத்தி வாங்கினால் போதும் என்று வைத்தும் கணக்கு நிமிர்ந்து நின்றது.

அக்கம்பக்கக் கடைகளையும் விடவில்லை. இந்தப் பக்கம் டிபன் கடை, அந்தப் பக்கம் ஜெராக்ஸ், அதற்கப்புறம் ஊசி நூல் விற்கிற ஒரு சின்னக் கடை, கடைசியில் பூக்காரம்மாளின் மேஜை. துணிக்கடை ஒன்றுகூட இல்லை. "போட்டியே கெடையாது" என்று சொல்லிக்கொண்டார். எல்லோரும் சாயங்காலம் ஆறு அடிப்பதற்குள் ஷட்டரை இழுத்துவிடுவதாகச் சுப்பையன் சொன்னதைக் கேட்டு, "சோம்பேறித்தனம்" என்று முடிவு கட்டினார்.

அன்று ராத்திரி சோற்றைப் போட்டுக்கொண்டே ஜெயபாரதி கேட்டாள்: "ஏனுங் மாமா, காத்தால பஞ்ச் அடிக்க ஓடறவ நின்னு நைட்டிக்குப் பூ டிசைனு பாப்பாளா?"

"அதெல்லாம் ஆவரேஜ்ல வந்துரும்."

"ஆவரேஜ் வந்து நைட்டி வாங்குமாக்கும்? சனிக்கெழம சம்பளம் கையில வாங்கிட்டு வர்றப்பத்தான் பொம்பளைக்கு கடை கண்ணுல தெரியும். சாயங்காலம் பாத்தீங்களா?"

அருள்செல்வனுக்குக் கோபம் வந்தது. கேள்வி சரியாக இருந்ததால் அதிகமாக வந்தது. "காலையில உள்ள போனது சாயங்காலம் வெளிய வந்துதானே ஆகோணும்? லைன்ல இன்புட் போட்டா அவுட்புட் வரும். இதுக்கு ஒரு ஸ்டடியா?"

"எனக்காவ ஒருக்கா பாத்துட்டு வாங்க. என்ற கழுத்துச் செயினுங்க அது."

சனிக்கிழமை சாயங்காலம் திருமூர்த்தியிடம் சாவி வாங்கி, அருள்செல்வன் பச்சை ஷட்டரைத் தூக்கினார். உள்ளே கடைக்காரர்கள் விட்டுப் போன வாசனை இருந்தது: பாலிதீன், ஊதுபத்தி, பூசணிக்காய் உடைத்த ஈரம். சுவரில் நான்கு காலண்டர்கள் ஆணியில் தொங்கின. நான்கு வருடம், நான்கு சாமி. எல்லாம் தீபாவளிக்கு முன்னால் கடை திறந்தவர்கள் மாட்டியது. ஜனவரி பிறந்ததும் மாட்டிய புதுக் காலண்டர்கள். நான்கிலும் தேதி பங்குனியைத் தாண்டிக் கிழிக்கப்படவில்லை. ஒரே கை கிழித்து நிறுத்தியது போல இருந்தது. அவர் டியூப் லைட்டைப் போட்டு, வாசலைப் பார்த்து ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, கட்டைவிரலைத் தயாராக வைத்தார்.

ஐந்தரைக்கு வீதியின் உள்பக்கம் கம்பெனிகளின் இரைச்சல் நின்றது. பகல் முழுக்கக் காதில் இருந்து, இருந்ததே தெரியாமல் இருந்த இரைச்சல். நின்றதும்தான் தெரிந்தது. ஜெராக்ஸ்காரர் ஷட்டரை இழுத்தார். நூல் கடை ஷட்டர் விழுந்தது. பூக்காரம்மாள் மீந்த பூவைக் கூடையோடு தூக்கிக்கொண்டு, அருள்செல்வனை ஒரு முறை பார்த்துவிட்டுப் போனாள்.

இனி கூட்டம் வரும். சம்பள நாள். காலையில் உள்ளே போன அத்தனை பேரும், கையில் காசோடு.

வரவில்லை.

வீதி நடுவில் ஒரு நாய் வந்து படுத்தது. வழி மறிக்கிறோமே என்ற கவலை அதற்கு இல்லை. ஒரு பெரியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அட்டைப் பெட்டி பொறுக்குகிற அம்மாள் ஒருத்தி போனாள். அப்புறம் அதுவும் இல்லை. டியூப் லைட் வெளிச்சம் வாசலைத் தாண்டி ரோட்டில் ஒரு சதுரமாக விழுந்தது. அந்தச் சதுரத்தில் யார் காலும் படவில்லை. ஒரு தடவை காலடிச் சத்தம் கேட்டது. நிறையக் காலடிகள், செருப்பு தேய்கிற சத்தம், பெண்கள் சிரிக்கிற சத்தம்கூட. நெருங்கி வந்தது. எங்கோ சுவருக்குப் பின்னால் வரைக்கும் வந்தது. கரைந்து போனது. அருள்செல்வன் எழுந்து வெளியே வந்து இரண்டு பக்கமும் பார்த்தார். நாய் மட்டும் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது.

ஏழு மணிக்கு ஷட்டரை இழுக்கும்போது கருவியைப் பார்த்தார். நாற்பத்தி ஒன்று என்று காட்டியது. போனது இரண்டு பேர். நாயைச் சேர்த்தாலும் மூன்று.

மற்ற தலைகள் யாருடையவை? விரல் தானாக அழுத்தியிருக்க வேண்டும். அப்படித்தான் அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார். வீட்டில் ஜெயபாரதியிடம், "பரவால்ல, காலை அளவுக்கு இல்ல" என்றார். அது பொய் இல்லை என்பதில் ஒரு சின்ன ஆறுதல்.

திங்கட்கிழமை காலை சுப்பையனிடம் மெதுவாக எடுத்தார்.

"ஏப்பா சுப்பையா, சாயங்காலம் இந்தப் பக்கம் ஆளே வர்றதில்லயே?"

சுப்பையன் கரண்டியை வைத்துவிட்டு, அடுப்பைக் குறைத்துவிட்டு, பக்கத்தில் வந்தார். உசிலம்பட்டிக்காரர். பேய்க் கதைக்கு அடுப்பைக் குறைப்பது மரியாதை என்று நினைப்பவர். "உங்களுக்கு யாரும் சொல்லலையாண்ணே? ஆறு மணிக்கு மேல இங்கிட்டு ஒருத்தரும் வர மாட்டாய்ங்க. ஏதோ நிக்கிது."

"என்ன நிக்கிது?"

"என்னன்னு பாத்தவன் சொல்ல மாட்டான், சொல்றவன் பாத்திருக்க மாட்டான். அதுதானண்ணே விசயமே. அந்தக் கடையில நாலு பேரு கெட்டுப் போனாய்ங்க. கடைசியா குணான்னு ஒரு பையன். நல்ல பையன். எலுமிச்சம்பழம் கட்டுனான், பூசணிக்கா உடைச்சான், பழநிக்கு நடந்து போனான். காலையில கூட்டம் கூட்டமாப் போறதப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பான். சாயங்காலம் அந்தக் கூட்டத்த ஏதோ முழுங்கிரும்."

"நான் பேய நம்பறதில்ல."

"நீங்க நம்பாட்டி போகுது. அது உங்கள நம்புதா, அதத்தான் பாக்கணும்."

அன்று அருள்செல்வன் முறையாக இறங்கினார். பேய்க்கு எதிரான ஒரே ஆயுதம் ஸ்டடிதான். உள்ளே போகிறவர்களைத் தனியாக, வெளியே வருகிறவர்களைத் தனியாக எண்ணுவது என்று முடிவு செய்தார். கருவியில் போகிற கணக்கு. வருகிறவர்களை இடது கை விரல்களில். காலையில் வலது கை ஓயவில்லை. சாயங்காலம் இருட்டுகிற வரைக்கும் நின்றார். இடது கை விரல்கள் தீரவே இல்லை.

வருடக்கணக்கில் லைன் பார்த்த மனிதருக்கு இதைவிடப் பயங்கரம் கிடையாது. பேயாவது, பிசாசாவது, ஒரு கட்டு உள்ளே போட்டால் ஒரு கட்டு வெளியே வர வேண்டும். ஒன்றிரண்டு குறைந்தால் திருட்டு, பத்து குறைந்தால் ரிஜக்ட். மொத்தமும் வராவிட்டால்? அன்று ராத்திரி கனவில் ஒரு நீளமான தையல் லைன் ஓடிற்று. ஒரு முனையில் டிபன் பாக்ஸை அணைத்த பெண்கள் வரிசையாக உள்ளே போனார்கள். மறுமுனையில் ஊசிகள் மட்டும் காற்றைத் தைத்துக்கொண்டிருந்தன. கம்பெனி முதலாளி அவர் தோளைத் தொட்டு, "அருள், பீஸ் எங்க?" என்று மிக மரியாதையாகக் கேட்டார்.

ஜெயபாரதி அவரைத் தட்டி எழுப்பினாள். "தூக்கத்துல யார எண்றீங்க? வெரலு ஆடுதுங்க பாருங்க."

கட்டைவிரல், போர்வைக்கு மேல், எதுவும் இல்லாத இடத்தை அழுத்திக்கொண்டிருந்தது.

அவளிடம் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. சொந்தக்காரர்களிடம் எல்லாம், இடம் பார்க்கிற விஞ்ஞானம் பற்றி ஏற்கெனவே பேசியாகிவிட்டது. சென்னிமலையில் ஒரு கல்யாணப் பந்தியில் பாயசம் வருகிற வரைக்கும் பேசியிருந்தார். இப்போது போய், கூட்டத்தைப் பேய் தின்கிறது என்று எந்த வாயால் சொல்வது? செவ்வாய்க்கிழமை ஜெயபாரதி செயினை அடகு வைத்துவிட்டு வந்தாள். வெறுங்கழுத்தோடு சமைத்தாள். அவளை நேராகப் பார்க்காமல் இருக்க, அருள்செல்வன் அன்றைக்குப் பேப்பரை விளம்பரம் உட்பட முழுசாகப் படித்தார்.

இடம் பார்க்கிறவன் முதலில் விசாரிக்க வேண்டியது, அந்த இடத்தில் கடைசியாகத் தோற்றவனை. அருள்செல்வன் அதைக் கடைசியாகச் செய்தார். குணா இப்போது எங்கே என்று சுப்பையனைக் கேட்டதில், பின்னால் ஒரு சந்து தள்ளி, தண்ணித் தொட்டி ஸ்டாப் பக்கம் ஒரு துணிக்கடையில் சேல்ஸ்மேனாக நிற்கிறான் என்று தெரிந்தது. புதன்கிழமை சாயங்காலம் தேடிப் போனார்.

கடையை அடையாளம் கண்டுபிடிப்பதே பெரிய பாடாகிவிட்டது; வாசலில் அவ்வளவு கூட்டம். பக்கத்தில் இன்னும் மூன்று துணிக்கடை, ஒரு ஃபேன்சி ஸ்டோர், ரோட்டோரம் காய்கறி வண்டிகள், பேல்பூரிக்காரர். முழங்கையால் வழி செய்துகொண்டு உள்ளே போனபோது, ஒல்லியான ஒருவன் மேல் அடுக்கிலிருந்து நைட்டிகளை உருவி உருவி மேஜை மேல் போட்டுக்கொண்டிருந்தான்.

"குணாங்களா? நான் அந்தப் பச்ச ஷட்டரு..."

குணாவின் கை நின்றது. "அத எடுக்கறீங்களா?"

"யோசிக்கறேன்."

"எண்ணுனீங்களா?"

"எண்ணுனேன்."

"நானும் எண்ணுனனுங்க." குணா குரலைத் தாழ்த்தினான். பின்னாலிருந்து ஒரு பெண் "அண்ணா, இதுல டபுள் எக்ஸ்எல் இருக்கா?" என்று கத்தினாள், அவன் திரும்பாமலேயே ஒன்றை எடுத்து வீசினான். "காலையில பாத்தா ஆத்து வெள்ளமாட்டம் போவாங்க. கண்ணு ரொம்பிரும். சாயங்காலம் ஒரு குஞ்சு கெடையாதுங்க. எங்க போவாங்கன்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியாது. ராத்திரியெல்லாம் அந்தச் செருப்புச் சத்தம் கேக்கும். கிட்ட வரும், கிட்ட வரும், அப்பறம் இருக்காது."

அருள்செல்வன் மேஜை மேல் குனிந்தார். "எனக்கும் கேட்டுது."

"அப்ப உங்களையும் புடிச்சிருச்சு." குணா தன் வலது கையை மேஜைக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டினான். கட்டைவிரல் ஆடிக்கொண்டிருந்தது. ஒரே சீராக. "கருவியத் தூக்கிப் போட்டு வருசம் ஆச்சுங்க. இது நிக்க மாட்டேங்குது."

இருவரும் அந்த விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அருள்செல்வனின் விரலும், கேட்காமலேயே, அதனோடு சேர்ந்துகொண்டது. இரண்டு படித்த ஆண்கள், எதிரும் புதிருமாக நின்று, காற்றில் யாரையோ எண்ணினார்கள். ஒரு பெண் அவர்களை விலக்கிவிட்டு நடுவில் புகுந்து, சுங்குடி நைட்டி இருக்கிறதா என்று கேட்டாள்.

"கொஞ்சம் பொறுங்கக்கா, பேசிட்டிருக்கோம்ல" என்றான் குணா எரிச்சலாக. "பாருங்க சார், இங்க என்னமோ தொல்லை தாங்கல. அங்க ஒருத்தர் இல்ல. எல்லாம் அந்த எடத்தோட ராசிங்க."

"ஐ, ஜபம் பண்ற சாமி!"

கூப்பிட்டது தேவிப்பிரியா. அருள்செல்வனுக்குப் பெயர் அப்போது தெரியாது, முகம் தெரியும். தினமும் காலையில் சுப்பையன் கடையில் நின்றுகொண்டே இரண்டு இட்லியை விழுங்கிவிட்டுக் கம்பெனிக்கு ஓடுகிறவள். உள்ளே போன தலைகளில் ஒன்று. அவள் உயிரோடு, பின்னல் வியர்வையில் ஒட்ட, இரண்டு நைட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் பார்த்தார். இன்னொரு முகம் தெரிந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. கன்னத்தில் போட்டுக்கொண்ட பெண். கைக்குழந்தைக்காரி. மஞ்சள் டிபன் பாக்ஸ்காரி. காணாமல் போன அத்தனை பேரும் ஒரு டியூப் லைட் வெளிச்சத்தில், விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். சொந்தக்காரர் சாவுக்கு அழுதுவிட்டு வெளியே வந்தால், செத்தவரே டீக்கடையில் நிற்பதைப் பார்த்தது போல இருந்தது அவருக்கு.

"நீ... நீங்க சாயங்காலம் அந்த வீதில வர்றதில்லயா?"

"எந்த வீதிங்க? சுப்பையண்ணன் வீதிங்களா? காலையில மட்டுந்தானுங்க."

"அங்க ஏதோ நிக்கிதுன்னு சொன்னாங்களே?"

தேவிப்பிரியா சிரித்தாள். "எதுங்க நிக்கிது? பஸ்ஸு நிக்க மாட்டேங்குதுன்னு சொல்லுங்க. காலையில வர்ற பஸ்ஸு வீதி முனையில எறக்கி உடும். சாயங்காலம் திரும்பிப் போற பஸ்ஸு அங்க நிக்காது, இந்தத் தண்ணித் தொட்டி ஸ்டாப்புலதான் நிக்கும். கம்பெனி பின் கேட்டுல பூந்தா நேரா இங்க வந்துரலாம். யாரு சுத்திக்கிட்டு அங்க போவாங்க? இது தெரியாதுங்களா?"

சுவருக்குப் பின்னால் கேட்ட காலடி, செருப்புச் சத்தம், சிரிப்பு எல்லாம் ஒரு சந்து தள்ளி உண்மையாகவே நடந்துகொண்டிருந்திருக்கிறது. கம்பெனியின் முன் கேட்டில் நுழைந்து பின் கேட்டில் வந்திருக்கிறார்கள். டிபன் கடையும் ஜெராக்ஸும் நூல் கடையும் சோம்பேறிகள் இல்லை. அவை காலை வியாபாரம். துணிக்கடை எல்லாம் வீடு திரும்புகிற வழியில், ஒன்றோடொன்று தோள் உரசிக்கொண்டு, இங்கே நின்றன. போட்டி இல்லாத வீதி என்று அவர் சந்தோஷப்பட்டது, மீன் இல்லாத குளத்தில் கொக்கு இல்லை என்று சந்தோஷப்பட்டது போல.

"கேட்டீங்களா குணா? பஸ் ஸ்டாப்பு."

குணா தேவிப்பிரியாவுக்குப் பில் போட்டுக்கொண்டிருந்தான். கட்டைவிரல் ஆடியபடியே இருந்தது. "அப்படித்தான் சொல்லுவாங்க சார்" என்றான் துக்கமாக. "அந்த எடத்த அனுபவிச்சவனுக்குத்தான் தெரியும்."

வெள்ளிக்கிழமை திருமூர்த்தி பச்சை ஷட்டருக்குக் கீழே தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஸ்டாம்ப் பேப்பர் எல்லாம் வைத்துத் தயாராக இருந்தார். ஜெயபாரதி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அருள்செல்வன் தொண்டையைச் செருமினார். வியாழக்கிழமை முழுதும் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த பேச்சு அது.

"மன்னிக்கோணுங்க. விரிவான ஸ்டடி பண்ணிப் பாத்ததுல, இந்த வீதியில வர்றது ஒருவழி ஃப்ளோ. காலை இன்புட் மட்டும். ஈவினிங் ரிட்டர்ன் ஃப்ளோ, தண்ணித் தொட்டி ஸ்டாப்பு காரிடாருக்கு டைவர்ட் ஆகுது. நைட்டிங்கறது ரிட்டர்ன் ஃப்ளோ ஐட்டம்."

திருமூர்த்தி முகம் மாறவில்லை. ஒரு வாழைப்பழத்தை உரித்தார். "அப்படீங்களா. சரிங்க தம்பி, உங்க பணம், உங்க இஷ்டம். திங்கக்கெழம ஒரு ஆளு வர்றாருங்க. குழந்தைங்க துணிக்கடையாம். எண்ணிப் பாத்துட்டுத்தான் எடுப்பேன்னாரு. நல்லா எண்ணுங்கன்னு சொல்லியிருக்கறன்."

எதிரே சுப்பையன் அடுப்பைக் குறைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். அருள்செல்வன் கையெழுத்துப் போடாமல் விடைபெற்றதைப் பார்த்து, அது இவரை விட்டுவிட்டது போலிருக்கிறது என்று வாழை இலை வெட்டிக்கொண்டிருந்தவரிடம் சொன்னார். காற்று அடித்தது. ஷட்டருக்கு உள்ளே நான்கு காலண்டர்களும் சுவரில் உரசுகிற சத்தம் கேட்டது. பட்டப்பகலிலும் அது நன்றாக இல்லை.

இருவரும் வீதியில் நடந்தார்கள். ஜெயபாரதி கைப்பையைத் திறந்து பணம் இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி மூடினாள். நேராக அடகுக் கடைக்குப் போய்ச் செயினைத் திருப்பலாம் என்றாள். அப்புறம், கழுத்தைத் தடவிக்கொண்டே, உண்மையான வியப்போடு கேட்டாள்:

"ஏனுங் மாமா, சாயங்காலம் பஸ்ஸு தண்ணித் தொட்டி ஸ்டாப்புலதான் நிக்குதுன்னு எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"ஸ்டடி" என்றார் அருள்செல்வன்.

ஸ்கூட்டரை ஜெயபாரதி டெலிவரிக்கு எடுத்துப் போய்விடுவதால், எண்ணி முடித்த அத்தனை நாளும் அவர் வீட்டுக்குப் பஸ்ஸில்தான் திரும்பினார். அந்தப் பஸ்ஸில் அவர் ஏறியது தண்ணித் தொட்டி ஸ்டாப்பில்.